முடி ஓரத்து வெள்ளைக் கோடு: ஃபோட்டோஷாப்பில் எந்த வழி எங்கே சரிப்படும்?

வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த மணப்பெண் படம். கறுத்த கூந்தல், அதில் மல்லிகைச் சரம், பட்டுச் சேலை. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அந்தப் பெண்ணை மட்டும் வெட்டி எடுத்து, அடர்ந்த மெரூன் பின்னணியில் வைக்கவேண்டும். மாஸ்க் போட்டாயிற்று. வெள்ளைப் பின்னணியில் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மெரூனில் வைத்ததும் தலையைச் சுற்றி ஒரு வெளிர் கோடு ஓடுகிறது. முடிக்கற்றை ஒவ்வொன்றும் சாம்பல் பூசியதுபோல் நிற்கிறது.

இதைச் சரிசெய்ய ஃபோட்டோஷாப்பில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தனக்குப் பழகிய ஒன்றையே எல்லாப் படத்துக்கும் போடுகிறார்கள். அதனால்தான் ஒரு படத்தில் பளிச்சென்று வேலைசெய்த வழி அடுத்த படத்தில் முடியை மொட்டையடிக்கிறது, இல்லையென்றால் பூவைக் கறுப்பாக்குகிறது. அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், எந்த வழியை எந்த இடத்தில் எடுப்பது என்பது தானே புரிந்துவிடும். இந்த மணப்பெண் படத்தையே வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

கோடு எப்படி வருகிறது

கேமராவில் ஒரு பிக்சல் என்பது ஒரு சின்னச் சதுரம். முடியின் ஓரம் அந்தச் சதுரத்தின் நடுவே போனால், பாதி முடியின் நிறமும் பாதி சுவரின் நிறமும் கலந்து ஒரே நிறமாகப் பதிவாகும். நம் படத்தில் முடியின் அளவு 25 என்றும் சுவர் 235 என்றும் வைத்துக்கொள்வோம். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. பாதிக்குப் பாதி கலந்த பிக்சல் 130 ஆக இருக்கும். இதைச் சூத்திரமாக எழுதினால்:

```
C = α·F + (1 − α)·B
```

C என்பது பதிவான நிறம், F முடியின் உண்மையான நிறம், B பழைய பின்னணி, α என்பது அந்தப் பிக்சலில் முடி எவ்வளவு இருக்கிறது என்ற பங்கு.

மாஸ்க் இங்கே என்ன செய்கிறது? மிகச் சரியாகப் போட்ட மாஸ்க், அந்தப் பிக்சலைப் பாதி ஒளிபுகும்படி ஆக்குகிறது. அதாவது α-வைச் சரியாகச் சொல்லிவிட்டது. ஆனால் நிறத்தை அது தொடவே இல்லை. 130 என்ற கலப்பட நிறம் அப்படியே இருக்கிறது, அதற்குள் பாதிச் சுவரும் இருக்கிறது. புதிய பின்னணியின் அளவு 15 என்றால், அந்த இடத்தில் வரவேண்டியது 25-க்கும் 15-க்கும் நடுவில் 20. வருவதோ 130-க்கும் 15-க்கும் நடுவில், ஏறத்தாழ 72. இருட்டில் 52 அளவு கூடுதல் வெளிச்சம். இதுதான் கோடு.

கணக்கைச் சுருக்கினால் ஒரு பயனுள்ள விஷயம் கிடைக்கிறது:

```
கூடுதல் = α·(1 − α)·(B − F)
```

இதில் புதிய பின்னணி எங்குமே வரவில்லை. எந்தப் பின்னணியில் வைத்தாலும் பிழையின் அளவு ஒன்றுதான். வெள்ளையில் வைத்தால் முடி ஓரம் கொஞ்சம் மெலிந்து தெரியும், அவ்வளவுதான், கண் அதைக் கவனிப்பதில்லை. மெரூனில் அதே பிழை கோடாகத் தெரிகிறது. ஆகவே வெள்ளையில் நன்றாக இருந்ததை வைத்து மாஸ்க் சரி என்று முடிவுகட்டக் கூடாது.

இன்னொன்று, பிழையின் அளவை நிர்ணயிப்பது பழைய பின்னணிக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசம். கறுத்த முடிக்கும் வெள்ளைச் சுவருக்கும் 210 வித்தியாசம், அதனால் 52 வரை கோடு தெரிகிறது. கன்னமும் தோளும் சுவரை விடக் கொஞ்சமே இருட்டு, அங்கே கோடு மங்கல்தான். மல்லிகைக்கும் சுவருக்கும் வித்தியாசமே இல்லாததால் அங்கே பிழை கிட்டத்தட்ட பூஜ்யம். மல்லிகை ஓரத்தில் வெளிச்சமாக ஏதாவது தெரிந்தால் அது இதழ்தான். அதைச் 'சுத்தம்' செய்யப் போனால் பூ கெடும்.

முதலில் எந்தக் கோடு என்று பார்க்கவேண்டும்

மேலே சொன்னது நிறக் கலப்பு. ஆனால் வெளிர் கோட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு, மருந்தும் வேறு. பிரித்தறிவது கடினமில்லை. படத்துக்குக் கீழே மெரூன் நிறத்தில் ஒரு Solid Color லேயர் போடுங்கள், அதன்மேல் நடுத்தர சாம்பலில் இன்னொன்று, பளிச்சென்ற மஞ்சளில் இன்னொன்று. மாற்றி மாற்றிப் பார்க்க வசதியாக மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்ய 300 சதவீதம் பெரிதாக்கலாம், தீர்ப்பு மட்டும் 100 சதவீதத்தில்தான். 33, 66 போன்ற இடைப்பட்ட அளவுகளில் திரையே பிக்சல்களைக் கலந்து காட்டும், அங்கே தெரிவதையும் தெரியாததையும் நம்ப முடியாது.

அப்புறம் Alt-ஐ அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சின்னப் படத்தைச் சொடுக்குங்கள், மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். Shift-ஐ அழுத்திச் சொடுக்கினால் மாஸ்க் அணைந்து மூலப்படம் தெரியும். இந்த இரண்டையும் கோடு ஓடும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டால் மூன்றில் ஒன்று புலப்படும்.

கோடு இருக்கும் இடத்தில் மாஸ்க் முழு வெள்ளையாக இருக்கிறது, மூலப்படத்திலோ அங்கே சுவர் இருக்கிறது என்றால், மாஸ்க் ஓரம் வெளியே போய்விட்டது. சுவரையே ஒரு பட்டையாகச் சேர்த்து வெட்டியிருக்கிறீர்கள். மாஸ்க்கை உள்ளே தள்ளினால் போதும்.

கோடு இருக்கும் இடத்தில் மாஸ்க் சாம்பலாக, முடிக்கற்றைகளின் வடிவத்தை ஒட்டியே இருக்கிறது என்றால், மாஸ்க்கில் குற்றமில்லை. நிறம்தான் கெட்டிருக்கிறது. மாஸ்க்கைச் சுருக்குவது இங்கே தவறான மருந்து.

கற்றைகளுக்கு இடையே மெல்லிய பனிமூட்டம் மாதிரி ஒரு வெளிர் படலம் தெரிகிறது, மாஸ்க்கில் அந்த இடம் கறுப்புப் போலத் தோன்றினாலும் Info பேனலில் பார்த்தால் 10, 20, 30 என்று ஏதோ அளவு காட்டுகிறது என்றால், அது மூன்றாவது வகை. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+L அழுத்தி, Levels-இல் கறுப்பு ஸ்லைடரை 0-விலிருந்து 30, 40 வரை நகர்த்தினால் படலம் விலகும். மெலிந்த கற்றைகளின் நுனி கொஞ்சம் குறையும், அதைப் பார்த்துக்கொண்டே நகர்த்தவேண்டும்.

மொபைல் படங்களிலும் கேமராவிலேயே அதிகம் ஷார்ப்பன் ஆகிவந்த படங்களிலும் நான்காவதாக ஒன்று உண்டு. இருட்டான பொருளின் ஓரத்தை ஒட்டி, சுவர்ப் பக்கம் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்குச் சுவரை விட வெளுத்த கோடு மூலப்படத்திலேயே இருக்கும். மாஸ்க்கை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதையும் கலப்பு என்று எண்ணி நிறக் கருவிகளை ஓட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். கை, தோள் போன்ற கெட்டி ஓரத்தில் இரண்டு பிக்சல் உள்ளே வெட்டிவிடுவதே நல்லது.

ஓரத்தைப் 'பதமாக்க' Feather 1 பிக்சல் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கோடு மறைய அது உதவாது. மாஸ்க்கின் ஓரம் இருபுறமும் பரவுவதால் சுவர்ப் பக்கமும் கொஞ்சம் உள்ளே வந்துவிடுகிறது. கோடு மங்கலாகும், ஆனால் அகலமாகும்.

சுருக்கும் வழி: கெட்டி ஓரத்துக்கு மட்டும்

மாஸ்க்கை உள்ளே தள்ள இரண்டு இடங்கள் உண்டு. Select and Mask-இல் Shift Edge ஸ்லைடரை −10 முதல் −25 வரை கொண்டுபோகலாம். அல்லது மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Filter > Other > Minimum போய், Preserve என்ற இடத்தில் Roundness வைத்து, Radius 0.5 அல்லது 1 கொடுக்கலாம். இரண்டில் எனக்குப் பிடித்தது Minimum. எத்தனை பிக்சல் உள்ளே போகிறோம் என்று தெளிவாகத் தெரியும், அதோடு ஒரு பகுதியை மட்டும் Lasso-வால் சுற்றிக்கொண்டு அங்கே மட்டும் போடலாம்.

சேலை மடிப்பு, முழங்கை, தோள், வளையல் ஓரம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். கலப்படப் பிக்சல்கள் ஒன்றிரண்டு வரிசைதான், அவற்றைக் கழித்துவிட்டால் உள்ளே சுத்தமான நிறம் இருக்கிறது. 24 மெகாபிக்சல் படத்தில் ஒரு பிக்சல் தோள் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 300 டிபிஐயில் அச்சடித்தால் ஒரு பிக்சல் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

முடிக்கு இது ஏன் ஆகாது என்றால், ஒரு முடிக்கற்றையின் அகலமே இரண்டு மூன்று பிக்சல்தான். இருபுறமும் ஒரு பிக்சல் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. கோடு போய்விட்டது என்று தோன்றும், உண்மையில் முடி போய்விட்டது. தலை ஹெல்மெட் போட்டதுபோல் வழுவழுப்பாகிவிடும். ஆல்பங்களிலும் பேனர்களிலும் நாம் பார்க்கும் மொட்டைக் கூந்தல்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

Layer > Matting: வேகமானது, ஆனால் குறுகிய இடத்துக்கு

இந்த மெனுவில் Defringe, Remove White Matte, Remove Black Matte என்று இருக்கின்றன. இவை லேயரின் சொந்த ஒளிபுகும் தன்மையைப் பார்த்து வேலைசெய்பவை. எனவே ஏற்கெனவே வெட்டி வந்த படத்துக்குப் பொருத்தம். மாஸ்க்கோடு இருக்கும் படமென்றால் லேயரை நகல் எடுத்து, நகலில் Apply Layer Mask கொடுத்துவிட்டு ஓட்டவேண்டும்.

Defringe ஓரப் பிக்சல்களின் நிறத்தை எடுத்துவிட்டு, கொஞ்சம் உள்ளே இருக்கும் பிக்சலின் நிறத்தைப் போடுகிறது. Width 1 கொடுத்தால் ஒரு பிக்சல் அகலம். லோகோ, பாத்திரம், செருப்பு, பெட்டி போன்ற கெட்டியான பொருளுக்கு நொடியில் முடிந்துவிடும். முடியில் தடுமாறுகிறது. இரண்டு பிக்சல் கற்றையில் 'உள்ளே' என்று எதை எடுப்பது? அங்கே சுத்தமான பிக்சல் ஒன்று கூட இல்லை. அதனால் கலப்பட நிறத்தையே எடுத்துக் கலப்பட நிறத்தின்மேல் போடும். சில கற்றைகள் கறுக்கும், சில வெளுத்தே இருக்கும், மொத்தத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

Remove White Matte வேறு மாதிரி. மேலே பார்த்த சூத்திரத்தையே தலைகீழாகப் போடுகிறது. பழைய பின்னணி 255, முழு வெள்ளை என்று எடுத்துக்கொண்டு அதன் பங்கைக் கழித்துவிடுகிறது. பின்னணி உண்மையிலேயே முழு வெள்ளையாக இருந்து, மாஸ்க்கும் சரியாக இருந்தால் இதைப்போல் துல்லியமான வழி வேறில்லை. கம்ப்யூட்டரிலேயே வரைந்து வெள்ளையில் வைத்த படங்களுக்கு அற்புதமாக வேலைசெய்யும்.

நம் சுவர் 235. அதை 255 என்று நினைத்துக் கழித்தால், பாதி பிக்சலில் 20 அளவு அதிகமாகக் கழிந்துவிடும். 25 ஆக வரவேண்டிய முடி 5 ஆக வரும். கறுத்த முடியில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே முடிக்கு மட்டும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கன்னத்திலும் கழுத்திலும் அதே 20 கழிந்தால் தோலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் இருட்டு ஓரம் வந்துவிடும். வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாகக் கறுப்புக் கோடு. அதனால் நகல் லேயரில் ஓட்டி, முடிப் பகுதியை மட்டும் புதிதாக மாஸ்க் போட்டுக் காட்டுவதே முறை.

Decontaminate Colors: எல்லாப் பின்னணிக்கும் உழைப்பது

Ctrl+Alt+R அழுத்தி Select and Mask திறந்து, View-ஐ On Layers-இல் வைத்தால் மெரூன்மேல் படம் எப்படித் தெரியும் என்று நேரடியாகப் பார்த்துக்கொண்டே வேலைசெய்யலாம். கீழே Output Settings-இல் Decontaminate Colors இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் நிறத்தை எடுத்துவிட்டு, அருகில் முழுதாகத் தேர்வான இடத்தின் நிறத்தைப் பரப்பும். Amount எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பரவும்.

இதன் பெரிய பலம், பழைய பின்னணி என்ன நிறம் என்று அதற்குத் தெரியவேண்டியதில்லை. தோட்டத்தில் பச்சை மரங்களுக்கு முன்னால் எடுத்த படம், நீலத் திரை, மண்டபத்து மஞ்சள் விளக்கு, எதுவானாலும் சரி. பச்சை ஓரம் படிந்த முடிக்கு இதை விட்டால் Remove White Matte-ஆல் ஒன்றும் செய்ய முடியாது. பின்னணி பலவண்ணமாக இருந்தால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது உள்ளே பார்த்துவிடுவது நல்லது. New Layer with Layer Mask என்று வெளியே கொடுத்துவிட்டு, புதிய லேயரின் மாஸ்க்கை Shift சொடுக்கி அணையுங்கள். தலையைச் சுற்றி முடியின் நிறம் வெளிப்பக்கமாக இழுத்துப் பூசியதுபோல் பரவியிருக்கும். அதாவது மூலப்படத்தின் பிக்சல்களையே இது மாற்றி எழுதுகிறது. மாஸ்க்கை மட்டும் திருத்துவதாக இருந்தால் அந்த மாற்றத்துக்கு இடமில்லை, அதனால்தான் அதைத் தேர்ந்ததும் புதிய லேயராக வெளியிடும்படி ஃபோட்டோஷாப் வற்புறுத்துகிறது. இதிலிருந்து இரண்டு பின்விளைவுகள். முதலாவது, பின்னால் அந்த மாஸ்க்கை வெள்ளைப் பிரஷ்ஷால் விரித்தால் உண்மையான முடி வராது, பூசிய நிறம்தான் வரும். அதனால் மாஸ்க்கை முழுதாக முடித்துவிட்டு, கடைசி வேலையாகத்தான் இதை ஓட்டவேண்டும். பழைய லேயரை அழிக்காமல் கீழே அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிறங்கள் அடுத்தடுத்து மாறும் இடங்களில் அது ஏமாறும். நம் படத்தில் மல்லிகைச் சரம் முடியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இதழின் ஓரத்துக்கு அருகில் முழுதாகத் தேர்வான நிறம் எது என்று தேடினால், பக்கத்து முடியின் கறுப்போ காம்பின் பச்சையோ கிடைக்கும். அதைக் கொண்டுவந்து இதழ்மேல் பூசிவிடும். 100 சதவீதத்தில் பார்த்தால் பூ வாடிப்போனதுபோல் அழுக்காகத் தெரியும். காதோரம் ஜிமிக்கியிலும் இதே கதை, தங்கத்தின் ஓரத்தில் கறுப்பு வந்து ஒட்டும். Amount-ஐ 50, 60-இல் நிறுத்தினால் பாதிப்பு குறையும், முழுதாகப் போகாது. மேலே வந்த புதிய லேயரில் பூவும் நகையும் இருக்கும் பகுதியை மாஸ்க்கில் கறுப்பால் மறைத்து, கீழே பழைய லேயரை அந்த இடங்களில் மட்டும் காட்டினால் தீர்ந்தது.

Multiply: கறுத்த கூந்தலும் வெள்ளைச் சுவரும் சேர்ந்தால்

இந்த வழி முடியை வெட்டுவதே இல்லை. வெள்ளை எதையும் மாற்றாது, கறுப்பு எல்லாவற்றையும் இருட்டாக்கும் என்பதுதான் Multiply கலவையின் குணம். சுவர் வெள்ளையாக இருந்தால் அது தானே மறைந்து, முடி மட்டும் புதிய பின்னணிமேல் பதியும். α எவ்வளவு என்று யாரும் கணிக்கவேண்டியதில்லை, கேமரா பதிவுசெய்த கலப்பே வேலையைச் செய்துவிடுகிறது.

செய்வது இப்படி. மாஸ்க் இல்லாத மூலப்படத்தை ஒரு நகல் எடுத்து, வெட்டிய லேயருக்குக் கீழே, மெரூனுக்கு மேலே வையுங்கள். கலவையை Multiply ஆக்குங்கள். உடனே பின்னணி முழுதும் கொஞ்சம் இருட்டாகும், ஏனென்றால் சுவர் 255 இல்லை, 235. மெரூனின் சிவப்பு அளவு 90 என்றால் 83 ஆகிவிடும். அந்த நகலுக்கு Levels போட்டு, வெள்ளை ஸ்லைடரை 255-இலிருந்து 230 வரை கொண்டுவாருங்கள். சுவர் முழு வெள்ளையாகி மறைந்துவிடும். சுவரில் நீலமோ மஞ்சளோ லேசாக இருந்தால், Levels-இன் வெள்ளைத் துளிக்கருவியால் தலைக்குப் பக்கத்துச் சுவரையே சொடுக்கிவிடலாம். பிறகு இந்த நகலுக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, முடி ஓரம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைப் பிரஷ்ஷால் திறந்துவிடுங்கள். மேலே இருக்கும் வெட்டிய லேயரின் மாஸ்க்கை முடிப் பகுதியில் நன்றாக உள்ளே தள்ளிவிடுங்கள். பறக்கும் கற்றைகள் எல்லாம் Multiply லேயரிலிருந்து வரட்டும், தலையின் திரண்ட பகுதி மட்டும் வெட்டிய லேயரிலிருந்து வரட்டும்.

வேறு எந்த வழியிலும் கிடைக்காத அளவுக்கு மெல்லிய முடிகள் இதில் கிடைக்கும். ஆனால் எல்லைகள் தெளிவானவை. புதிய பின்னணி முடியை விட வெளிச்சமாக இருந்தால்தான் முடி தெரியும், கறுப்புப் பின்னணியில் கற்றைகள் கரைந்துவிடும். பின்னாலிருந்து விளக்கு அடித்து முடி ஓரம் பொன்னிறமாக ஒளிரும் படத்தில் அந்த ஒளி காணாமல் போய்விடும். சுவரில் நிழல் விழுந்திருந்தால் அதுவும் சேர்ந்து பதியும். மல்லிகை சுவரைப் போலவே வெள்ளை, ஆகவே சுவரோடு சேர்ந்து மறையும். பூ இருக்கும் இடத்தில் வெட்டிய லேயரை உள்ளே தள்ளாமல் முழுதாக விடவேண்டும். வெளிர் முடியை இருட்டான திரைக்கு முன்னால் எடுத்திருந்தால் இதே வேலையை Screen கலவை தலைகீழாகச் செய்யும்.

கையால் பூசுவது

பழைய காலத்து வழி என்று பலர் ஒதுக்கிவிட்ட இதைத்தான் நான் இந்தப் படத்துக்குத் தேர்ந்தெடுப்பேன். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. α சரி, C மட்டும் தவறு என்றால், செய்யவேண்டியது C இருந்த இடத்தில் F-ஐ வைப்பதுதான். முடியின் உண்மை நிறத்தை ஓரப் பிக்சல்களின்மேல் பூசிவிட்டால், மாஸ்க் தன் பங்குக்கு அதைப் பாதி ஒளிபுகச் செய்து, 25-க்கும் 15-க்கும் நடுவில் 20 என்ற சரியான விடையைத் தந்துவிடும். கறுத்த கூந்தல் ஏறத்தாழ ஒரே நிறம் என்பதால் F-ஐக் கண்டுபிடிப்பதும் சுலபம்.

வெட்டிய லேயருக்கு மேலே புதிய காலி லேயர் போட்டு, Ctrl+Alt+G அழுத்தி அதைக் கீழ் லேயரோடு கிளிப் செய்துகொள்ளுங்கள். இனி எங்கே பூசினாலும் மாஸ்க்குக்கு வெளியே நிறம் போகாது. மென்மையான பிரஷ், ஒளிபுகா அளவு 30 சதவீதம். Alt-ஐ அழுத்தி, ஓரத்துக்குச் சற்று உள்ளே, முடி திரண்டிருக்கும் இடத்தில் நிறத்தை எடுங்கள். உச்சியில் ஒரு நிறம், காதோரம் இன்னொன்று, தோளில் விழும் பின்னலில் வேறொன்று இருக்கும், அதனால் நாலைந்து விரற்கடைக்கு ஒருமுறை மறுபடி எடுத்துக்கொள்ளவேண்டும். கற்றைகளை ஒவ்வொன்றாகத் தொடரவேண்டியதில்லை, ஓரம் முழுவதையும் அகலமான பிரஷ்ஷால் பூசிக்கொண்டே போகலாம். கற்றையின் வடிவத்தை மாஸ்க் பார்த்துக்கொள்ளும்.

பூசும் லேயரின் கலவையை Darken ஆக்கிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. நீங்கள் எடுத்த நிறத்தை விட வெளிச்சமான பிக்சல்கள் மட்டும் மாறும், ஏற்கெனவே இருட்டாக இருக்கும் முடியின் நெளிவுகள் தொடப்படாது. மல்லிகையை நெருங்கும்போது மட்டும் பிரஷ்ஷைச் சின்னதாக்கி ஒதுங்கிப் போங்கள். தவறிப் பூவின்மேல் பட்டுவிட்டால் அந்த லேயரில் அழித்தால் போதும், கீழே ஒன்றும் கெட்டிருக்காது.

மாஸ்க் சரியில்லாத படத்தில் இந்த வழி எடுபடாது. சுவரையே பட்டையாகச் சேர்த்து வெட்டியிருந்தால், அந்தப் பட்டை கறுப்பாகி, முடிக்கு வெளியே தார் பூசியதுபோல் தடித்து நிற்கும். அது தெரிந்தால் பூசுவதை நிறுத்திவிட்டு மாஸ்க்குக்குத் திரும்புங்கள். நரை கலந்த முடிக்கும், சாயம் பூசிப் பல நிறமாக இருக்கும் முடிக்கும் கையால் பூசுவது தட்டையாகத் தெரியும், அங்கே Decontaminate Colors மேல்.

இந்தப் படத்துக்கு என்ன எடுப்பேன்

முதலில் மாஸ்க். Select and Mask-இல் Refine Edge பிரஷ்ஷை முடி ஓரத்தில் மட்டும் ஓட்டி, Decontaminate-ஐ அணைத்தே வைத்து, Layer Mask ஆக வெளியே எடுப்பேன். தோளும் சேலையும் கையும் இருக்கும் ஓரத்தை Lasso-வால் சுற்றி Minimum 1. முடிக்கு இடையில் படலம் இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் Levels. அதன்பிறகு கிளிப் செய்த Darken லேயரில் முடி ஓரம் முழுதும் கையால் பூச்சு. கன்னத்தின் ஓரத்தில் மங்கலாக வெளிச்சம் மிஞ்சினால், அதே லேயரில் தோல் நிறத்தை எடுத்து 15, 20 சதவீதத்தில் ஒருமுறை. மல்லிகையைத் தொடமாட்டேன். மெரூனைக் கொஞ்சம் வெளிச்சமான நிறமாக மாற்றச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டு, பறக்கும் முடிகளும் வேண்டும் என்றால் மட்டும் Multiply லேயரைக் கீழே சேர்ப்பேன்.

இதே பெண்ணைத் தோட்டத்தில் வைத்து எடுத்திருந்தால் வரிசை மாறும். பச்சைக்கும் கறுப்புக்கும் இடையில் Multiply-க்கு வேலையில்லை. Decontaminate 60 சதவீதத்தில் ஓட்டி, பூவையும் நகையையும் பழைய லேயரிலிருந்து காட்டி, மிச்சம் இருக்கும் பச்சைச் சாயலுக்குக் கிளிப் செய்த லேயரை Color கலவையில் வைத்து முடி நிறத்தைப் பூசுவேன். Color கலவை வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றும்.

நூறு பொருட்களின் படத்தை ஒரே நாளில் வெட்டிக் கொடுக்கவேண்டிய கடை வேலையாக இருந்தால் கையால் பூசுவதை நினைக்கவே வேண்டாம். கெட்டி ஓரப் பொருட்கள்தானே, Minimum 1 அல்லது Defringe 1-ஐ ஒரு Action-ஆகப் பதிந்து ஓட்டிவிடலாம்.

படம் எடுப்பவரும் நீங்களாகவே இருந்தால் பாதி வேலையை அங்கேயே முடிக்கலாம். பிழையின் அளவு பழைய பின்னணிக்கும் முடிக்கும் உள்ள வித்தியாசத்தில் கால் பங்கு வரை போகும் என்று பார்த்தோம். வெள்ளைக்குப் பதிலாக 120 அளவுள்ள சாம்பல் திரைக்கு முன்னால் எடுத்தால், 52 ஆக இருந்த கோடு 24-க்கும் கீழே வந்துவிடும். படம் இருண்ட ஆல்பப் பக்கத்துக்குத்தான் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அடர் சாம்பல் திரை இன்னும் நல்லது. அத்துடன் ஆளைத் திரையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிற்கவைத்தால், திரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கன்னத்திலும் தோளிலும் ஏறுவது குறையும். அந்தத் தெறிப்பு ஓரப் பிக்சலோடு நிற்பதில்லை, தோலுக்குள்ளேயே பத்து இருபது பிக்சல் உள்ளே வரை இருக்கும். மேலே சொன்ன எந்தக் கருவியாலும் அதை எடுக்க முடியாது, கிளிப் செய்த Curves லேயரால் கையால் இருட்டாக்கித்தான் சமாளிக்கவேண்டியிருக்கும்.